எந்த நூறு பேரில்?

588. பிரிட்டனில் 1949-இல் எடுத்த ஓர் ஆய்வில், அப்பாவுக்கும் மேல்நிலை வேலை, மகனுக்கும் மேல்நிலை வேலை என்று பதிவான ஆண்களின் எண்ணிக்கை இது. இந்த 588 பேரை 16.8 சதவீதம் என்று எழுதலாம். 51.5 சதவீதம் என்றும் எழுதலாம். 55.9 என்றாலும் தப்பில்லை. மூன்றும் சரியான கணக்குதான், ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். சமூக அடுக்கமைவு பற்றிய அசைன்மென்ட்டுகளைத் திருத்துகிறவர்கள் சிவப்பு மையை அதிகம் செலவழிப்பது இந்த இடத்தில்தான். மாணவர் சரியாக வகுத்திருப்பார். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு இன்னொரு கேள்விக்கான விடையை எழுதியிருப்பார்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் டேவிட் கிளாஸ் தலைமையில் நடந்த ஆய்வு அது. 1954-இல் புத்தகமாக வந்தது. அப்பா என்ன வேலை பார்த்தார், மகன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டு, வேலைகளை ஏழு படிகளாகப் பிரித்து, 3,497 ஆண்களை அட்டவணையில் நிரப்பினார்கள். பெண்களுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. பின்னாளில் லியோ குட்மன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஏழு படிகளை மூன்றாகச் சுருக்கித் தன் கட்டுரைகளில் பயன்படுத்தினார். 1969-இல் வந்த அவருடைய ஒரு கட்டுரையின் தலைப்பே ‘சமூக நகர்வு அட்டவணைகளைச் சூறையாடுவது எப்படி’ என்று பொருள்படும். சுருக்கிய அட்டவணை இது:

| அப்பாவின் நிலை | மகன்: மேல் | மகன்: நடு | மகன்: கீழ் | மொத்தம் |
|---|---|---|---|---|
| மேல் | 588 | 395 | 159 | 1,142 |
| நடு | 349 | 714 | 447 | 1,510 |
| கீழ் | 114 | 320 | 411 | 845 |
| மொத்தம் | 1,051 | 1,429 | 1,017 | 3,497 |

எண்களுக்குள் போவதற்கு முன் தலைப்புகளில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘மேல்’ என்றவுடன் பிரபுக்களும் கோட்டைகளும் நினைவுக்கு வந்தால் வழி தவறிவிடும். உயர் தொழில்முறையாளர்கள், நிர்வாகிகள் தொடங்கி, சாதாரண மேற்பார்வையாளர் வரை மேலே உள்ள நான்கு படிகளும் அதில் அடக்கம். ‘நடு’ என்பது நாம் பேசும் நடுத்தர வர்க்கம் இல்லை. தச்சர், ஃபிட்டர் போன்ற கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளர்களும், வழக்கமான எழுத்து வேலை பார்க்கும் குமாஸ்தாக்களும் சேர்ந்த ஒரே படி அது. ‘கீழ்’ என்பது ஓரளவு பயிற்சியோ பயிற்சியே இல்லாமலோ செய்யும் உடலுழைப்பு வேலைகள். இதைப் பார்க்காமல் “நடுத்தர வர்க்கத்தினரில் பாதிப் பேர்” என்று எழுதும் மாணவர், அட்டவணையில் இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதுகிறார்.

இப்போது 588-க்கு வருவோம். அதை 3,497-ஆல் வகுத்தால் 16.8 சதவீதம். ஆய்வில் இருந்த எல்லா ஆண்களிலும், அப்பா மகன் இருவருமே மேலே இருந்தவர்கள் இவ்வளவு என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்வதில்லை. கிடைவரிசையின் மொத்தமான 1,142-ஆல் வகுத்தால் 51.5. மேலே இருந்த அப்பாக்களின் மகன்களில் எத்தனை பேர் மேலேயே தங்கினார்கள் என்பதற்கான விடை இது. அப்பாவின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று பார்ப்பது. ஆகவே இதை வெளியோட்டம் என்கிறார்கள். நெடுவரிசையின் மொத்தமான 1,051-ஆல் வகுத்தால் 55.9. இப்போது நாம் நிற்பது மகனின் அலுவலக வாசலில். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்று பார்க்கிறோம். இது உள்ளோட்டம்.

வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். கீழ்மட்டத்தைப் பாருங்கள். கீழே இருந்த அப்பாக்களின் 845 மகன்களில் கீழேயே நின்றவர்கள் 411 பேர், அதாவது 48.6 சதவீதம். கீழ்நிலை வேலையில் இருந்த 1,017 மகன்களில் அதே 411 பேர் 40.4 சதவீதம்தான். எனவே “கீழ்நிலைத் தொழிலாளர்களில் பாதிப் பேர் அப்பாவின் இடத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்” என்ற வாக்கியம் தப்பு. உண்மையில் அந்த 1,017 பேரில் நடுநிலை அப்பாக்களுக்குப் பிறந்தவர்கள்தான் அதிகம்: 447 பேர், 44 சதவீதம். கீழே இருந்தவர்களில் பெரும்பகுதி கீழே பிறக்கவில்லை. கைத்தொழிலாளர், குமாஸ்தா வீடுகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். வெளியோட்டத்தை மட்டும் கணக்கிட்ட மாணவரின் கண்ணில் இது படவே படாது.

ஒரு சோதனை சொல்கிறேன். அசைன்மென்ட்டில் எழுதிய ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில், “எந்த நூறு பேரில்?” என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். வாக்கியத்திலேயே விடை இருந்தால் அழித்துவிடலாம். இல்லாவிட்டால் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். “மேல்நிலை அப்பாக்களின் மகன்களில் 51.5 சதவீதத்தினர்” என்பதில் விடை இருக்கிறது. “மேல்நிலையில் 51.5 சதவீதம் தொடர்ச்சி காணப்படுகிறது” என்பதில் இல்லை.

அடுத்து வழக்கமாகக் கேட்கப்படுவது, மொத்தத்தில் எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்பது. மூலைவிட்டத்தில் இருக்கும் 588, 714, 411 ஆகிய மூன்றும் அப்பாவின் நிலையிலேயே இருப்பவர்கள். கூட்டினால் 1,713, அதாவது 49 சதவீதம். மீதி 51 சதவீதத்தினர் நகர்ந்தவர்கள். அட்டவணை நம்முடையதைப் போல மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருந்தால், மூலைவிட்டத்துக்குக் கீழே இருப்பவர்கள் ஏறியவர்கள், மேலே இருப்பவர்கள் இறங்கியவர்கள். (அட்டவணையில் மேல், வாழ்க்கையில் கீழ்! இந்தத் தலைகீழ் முதல் தடவை எல்லோரையும் ஒரு நிமிடம் குழப்பும்.) ஏறியவர்கள் 783 பேர், 22.4 சதவீதம். இறங்கியவர்கள் 1,001 பேர், 28.6 சதவீதம்.

இந்த 51 சதவீதத்தை இரண்டு வரி கோடு போட்டு விடையாக எழுதுவதற்கு முன், கிளாஸின் மூல அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஏழு படிகளாக இருக்கும்போது மூலைவிட்டத்தில் நிற்பவர்கள் 1,228 பேர்தான். அப்படியானால் நகர்ந்தவர்கள் 65 சதவீதம். அதே ஆய்வு, அதே ஆண்கள். ஐந்து படிகளாகச் சுருக்கிய ஒரு வடிவமும் உண்டு. அதில் 58 சதவீதம். யாரும் வேலை மாறவில்லை. நாம்தான் சுவர்களை இடித்தோம். இரண்டாம் படியிலிருந்த அப்பாவின் மகன் மூன்றாம் படிக்குப் போனால் ஏழு படி அட்டவணையில் அவர் இறங்கியவர். மூன்று படி அட்டவணையில் அசையாதவர். ஆகவே நகர்வு விகிதத்தை எழுதும்போது எத்தனை படிகள் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். வேறு நாட்டு அட்டவணையோடு ஒப்பிடும்போது படிகளின் எண்ணிக்கையும், அவற்றை வகுத்த முறையும் ஒன்றுதானா என்று பார்க்காமல் “இங்கே நகர்வு அதிகம்” என்பது, கிலோமீட்டரையும் மைலையும் பக்கத்தில் வைத்து எது நீளம் என்று கேட்பது போல.

ஏறியவர்களைவிட இறங்கியவர்கள் அதிகம் என்றதும் பலருக்கு ஒரு கதை சொல்ல ஆசை வருகிறது: பிரிட்டிஷ் சமூகம் சரிந்துகொண்டிருந்தது, போர்கள் நாட்டைச் சீரழித்தன என்று. விளிம்பில் இருக்கும் மொத்தங்களும் அதற்கு ஒத்தாசை செய்வது போலத் தெரியும். கீழ்நிலை அப்பாக்கள் 845. கீழ்நிலை மகன்கள் 1,017. கீழே 172 இடங்கள் கூடியிருக்கின்றன. அந்த இடங்களை நிரப்பவே குறைந்தது 172 பேர் இறங்கியாக வேண்டும். இப்படி அப்பாக்களின் பரவலும் மகன்களின் பரவலும் வேறுபடுவதால் தவிர்க்க முடியாமல் நடக்கும் நகர்வை அமைப்புசார்ந்த நகர்வு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். நகர்ந்த 1,784 பேரில் 172 பேர் போக, மிச்சமுள்ளவர்கள் ஒருவர் இடத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டவர்கள். கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதை தப்பு.

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டனில் மேசை வேலைகள் பெருகின, குறையவில்லை. மகன்களின் பரவல் கீழ்நோக்கி வீங்கியிருக்க நியாயமே இல்லை. 1977-இல் பெய்ன், ஃபோர்டு, ராபர்ட்சன் என்ற மூன்று சமூகவியலாளர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்: கிளாஸின் அட்டவணை, தொழில் அமைப்பில் உண்மையில் நடந்த மாற்றத்தோடு ஒத்துப்போகவில்லை. 1972-இல் ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்டு கல்லூரியில் இருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த பெரிய ஆய்வு, ஜான் கோல்டுதார்ப் 1980-இல் வெளியிட்ட புத்தகத்தில் விரிவாக வந்தது. அதில் தெரிந்தது மேல்நோக்கிய கணிசமான நகர்வு.

அட்டவணையின் அமைப்பிலேயே இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன. எந்த நகர்வு அட்டவணையை எடுத்தாலும் இவை கூடவே வரும். முதலாவது, வலது ஓரத்தில் இருக்கும் அப்பாக்களின் மொத்தம் ஒரு தலைமுறையின் படம் அல்ல. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தது மகன்களை. நான்கு மகன்கள் உள்ள அப்பா நான்கு தடவை கணக்கில் வர வாய்ப்பு உண்டு. பிள்ளையில்லாதவரும் பெண் பிள்ளைகள் மட்டும் உள்ளவரும் ஒரு தடவைகூட வரமாட்டார்கள். இந்த அப்பாக்கள் ஒரே காலத்தில் வேலை பார்த்தவர்களும் இல்லை. மகன்களில் 1890-க்கு முன் பிறந்தவர்களும் இருந்தார்கள், 1920-களில் பிறந்தவர்களும் இருந்தார்கள். சிலருடைய அப்பா விக்டோரியா ராணி காலத்து ஆள். சிலருடைய அப்பா இரண்டு உலகப் போர்களையும் பார்த்தவர். அமெரிக்கச் சமூகவியலாளர் ஓடிஸ் டட்லி டங்கன் 1966-இலேயே இதை எச்சரித்தார். ஆகவே 845-க்கும் 1,017-க்கும் உள்ள வித்தியாசத்தை “அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடந்த மாற்றம்” என்று எழுதக் கூடாது. இரண்டாவது வயது. 1949-இல் இருபதுகளில் இருந்த ஒரு மகன் வேலைக்குள் நுழைந்து சில வருடங்களே ஆகியிருக்கும். நாற்பது வயதில் மேற்பார்வையாளர் ஆகப்போகிறவர், அன்றைய கணக்கில் கீழே நிற்கிறார். இளைஞர்களைச் சேர்த்து எண்ணினால் இறங்கியவர்கள் கூட்டம் பெருத்துத் தெரியும்.

அப்படியானால் விளிம்பு மொத்தங்களை நம்ப முடியாதபோது அட்டவணையிலிருந்து எதைத்தான் நம்பி எடுப்பது? இந்த இடத்துக்குத்தான் ஆட்ஸ் ரேஷியோ என்ற கருவி. பெயர் மிரட்டும், வேலை எளிது. மேல்நிலை அப்பாக்களின் மகன்களில் கீழே போனவர்கள் 159. மேலே நின்றவர்கள் 588. கீழே போன ஒவ்வொருவருக்கும் மேலே நின்றவர்கள் 3.7 பேர். கீழ்நிலை அப்பாக்களின் மகன்களில் கீழே நின்றவர்கள் 411. மேலே போனவர்கள் 114. கீழே நின்ற ஒவ்வொருவருக்கும் மேலே ஏறியவர் 0.28. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 13.3. அப்பா யார் என்பது மகனுக்கு எந்த விதத்திலும் பொருட்டில்லை என்றால் இந்த எண் 1 ஆக இருந்திருக்கும். மூலைக் கட்டங்கள் நான்கையும் குறுக்கே பெருக்கி வகுத்தாலும் இதே விடைதான்:

```
(588 × 411) / (159 × 114) = 13.3
```

இதன் சிறப்பு, நாட்டில் மேல்நிலை வேலைகள் பெருகினாலும் சுருங்கினாலும், அந்தக் காரணத்தால் மட்டும் இந்த எண் மாறாது என்பது. மேல்நிலை மகன்களின் நெடுவரிசை முழுவதையும் இரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 588 என்பது 1,176 ஆகும், 114 என்பது 228 ஆகும், விடை 13.3-லேயே நிற்கும். வெளியோட்டச் சதவீதங்கள் எல்லாம் அப்போது இடம் மாறியிருக்கும். எல்லோருக்கும் ஏணி நீண்டதா என்பது ஒரு கேள்வி. ஏணியில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதை முழுமையான நகர்வு என்றும், இரண்டாவதைச் சார்பு நகர்வு என்றும் பிரிப்பதற்குக் காரணம் இதுதான்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. “மேல்நிலைக் குடும்பத்துப் பையனுக்கு மேலே போகும் வாய்ப்பு 13 மடங்கு” என்று எழுதிவிடுவார்கள். அப்படி இல்லை. மேலே போன சதவீதங்கள் 51.5-உம் 13.5-உம்; அவற்றின் மடங்கு 3.8 மட்டுமே. 13.3 என்பது மேலே நிற்பதும் கீழே விழுவதுமாகிய இரண்டு முனைகளுக்கான போட்டியைச் சேர்த்து அளக்கிறது. இரண்டையும் எழுதலாம், ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு வைக்கத்தான் கூடாது. இன்னொன்று, ஒரே அட்டவணைக்குள் பல ஆட்ஸ் ரேஷியோக்கள் ஒளிந்திருக்கின்றன. நடுவையும் கீழையும் மட்டும் எடுத்து இதே கணக்கைப் போட்டால் வெறும் 2.05. நடுவுக்கும் கீழுக்கும் இடையிலான வேலி தாண்டக்கூடிய உயரத்தில்தான் இருந்திருக்கிறது.

இவ்வளவையும் அசைன்மென்ட்டில் கொட்ட வேண்டியதில்லை. கேட்பது பெரும்பாலும் ஒரு பக்கச் சுருக்கம். நான் அடிக்கடி பார்க்கும் வடிவம் இப்படி இருக்கும்: “அட்டவணைப்படி 588 பேர் மேல்நிலையில் உள்ளனர். 395 பேர் நடுநிலைக்குச் சென்றனர். 159 பேர் கீழ்நிலைக்குச் சென்றனர். 349 பேர்…” ஒன்பது கட்டங்களுக்கும் ஒன்பது வாக்கியங்கள். இது அட்டவணையை வாய்விட்டுப் படிப்பது. படிப்பவருக்கு அட்டவணை பக்கத்திலேயே இருக்கிறதே! அதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

“1949-இல் பிரிட்டனில் 3,497 ஆண்களிடம் எடுத்த இந்த ஆய்வில், தொழில்கள் மூன்று படிகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. பாதிப் பேர் (49%) அப்பாவின் படியிலேயே இருந்தனர். மேல்நிலை அப்பாக்களின் மகன்களில் 51.5 சதவீதத்தினர் மேல்நிலையை அடைந்தனர். கீழ்நிலை அப்பாக்களின் மகன்களில் அடைந்தவர்கள் 13.5 சதவீதத்தினரே. நகர்ந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த படியோடு நின்றனர். உள்ளோட்டத்தைப் பார்த்தால், கீழ்நிலை வேலையில் இருந்த ஆண்களில் நடுநிலைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே (44%) அதிகம். மேல், கீழ் ஆகிய இரு முனைகளுக்கும் இடையிலான ஆட்ஸ் ரேஷியோ 13.3, நடு, கீழ் இடையே அது 2.05. அட்டவணையில் தெரியும் நிகர இறக்கத்தைத் தொழில் அமைப்பின் வரலாற்று மாற்றமாகக் கொள்ள முடியாது.”

நகர்ந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த படியோடு நின்றார்கள் என்பதற்குத் தனி எண் தரவில்லை, இடமிருந்தால் தரலாம். 1,784 பேரில் இரண்டு படி தாண்டியவர்கள் 159-உம் 114-உம் சேர்ந்து 273 பேர்தான். ஏன் இப்படி என்ற விளக்கம் பத்தியில் எங்கும் இல்லை என்பதையும் கவனிக்கலாம். பள்ளிப் படிப்பா, சொத்தா, அறிமுகங்களா என்று இந்த அட்டவணை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. காரணங்களை எழுத ஆசைப்பட்டால் வேறு ஆதாரத்தோடு, வேறு பத்தியில் எழுதிக்கொள்ளலாம்.

அந்தப் பத்தியில் எனக்கு உறுத்தும் ஒரு வாக்கியம் இருக்கிறது: கீழ்நிலை அப்பாக்களின் மகன்களில் 13.5 சதவீதத்தினர் மேல்நிலையை அடைந்தனர் என்பது. எண் சரி. ஆனால் அந்த 114 பேரை ஏழு படி அட்டவணையில் தேடிப் பாருங்கள். 72 பேர் நான்காம் படியில் இருக்கிறார்கள்; ‘மேல்’ என்று நாம் பெயர் வைத்த கட்டடத்தின் வாசல்படி அது, சாதாரண மேற்பார்வை வேலைகள். 33 பேர் மூன்றாம் படியில். மேலாளர்களும் நிர்வாகிகளும் இருக்கும் இரண்டாம் படியில் 9 பேர். டாக்டரும் வக்கீலும் உயர் அதிகாரியும் உட்கார்ந்திருக்கும் முதல் படியில் ஒருவர்கூட இல்லை. அப்பாவின் நிலைக்கும் மகனின் நிலைக்கும் தொடர்பே இல்லாதிருந்தால், அந்த 845 பேரில் சுமார் 25 பேர் அங்கே இருந்திருக்க வேண்டும். இந்தப் பூஜ்யத்தை வைத்து “யாராலும் முடியாது” என்று எழுதக் கூடாது, 3,497 பேர் கொண்ட மாதிரியில் யாரும் சிக்கவில்லை என்றுதான் எழுதலாம். ஆகவே அந்த வாக்கியத்தை இப்படி மாற்றினேன்: “கீழ்நிலை அப்பாக்களின் 845 மகன்களில் 114 பேர் (13.5%) மேல்நிலையை அடைந்தனர், அவர்களில் 72 பேர் அதன் கடைசிப் படியில் இருந்தனர், முதல் படியில் யாரும் இல்லை.”